காவல்காரர் தூங்கிட்டா கதவு என்னாகும்? ஆறு வயசுப் பொண்ணுக்கு இதயத்தைப் பத்தி ராத்திரிக் கதை சொன்ன அனுபவம்

காய்ச்சல்னு பொண்ணை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதுல ஆரம்பிச்சது இது. ஸ்டெத் வச்சவர் வழக்கத்தை விட கொஞ்சம் அதிக நேரம் வச்சிருந்தார், படுக்க வச்சுக் கேட்டார், திரும்ப உக்கார வச்சுக் கேட்டார், அப்புறம் மெதுவா "லேசா ஒரு மர்மர், இதயத் துடிப்போட சேர்ந்து ஒரு கூடுதல் சத்தம், கேக்குதும்மா, இந்த வயசுல நிறைய பிள்ளைங்களுக்கு இருக்கும், காய்ச்சல்ல இன்னும் கொஞ்சம் கூடவும் கேக்கும், எதுக்கும் ஒரு எக்கோ பாத்துடுவோம்"னார். எக்கோங்கறது இதயத்தைப் பாக்குற ஸ்கேன், அதுக்கு நாள் கிடைச்சது 16 நாள் கழிச்சு. வீட்டுக்காரர் அப்போ வேலைக்காக வெளியூர்ல, வீட்ல நானும் அவளும் மட்டும்தான். டாக்டர் தெளிவா பயப்பட ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னார், ஆனா எனக்கு அந்த 16 நாளும் வயித்துல கல்லைக் கட்டின மாதிரிதான் இருந்துச்சு. அதை விடப் பெரிய விஷயம், நாங்க பேசினது எல்லாத்தையும் அவ கேட்டுட்டு இருந்தா. அன்னைக்கு ராத்திரி படுத்ததும் முதல் கேள்வி, "அம்மா, என் நெஞ்சுக்குள்ள சத்தம் போடுறது யாரு?"

சரி, கதையா சொல்லிடலாம்னு நினைச்சேன். நான் சொன்ன முதல் கதையால அவளுக்கு ஒன்பது ராத்திரி தூக்கம் போச்சு, எனக்கும்தான். அதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு இப்பவும் தோணுது, அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல் கதை இப்படித்தான் இருந்துச்சு. இதயம்னு ஒரு வீடு, அதுல நாலு ரூம், ஒவ்வொரு கதவுலயும் ஒரு காவல்காரர் நிப்பாரு, ரத்தம் வந்ததும் அவரு கதவைத் திறந்து விட்டு மூடிடுவாரு. பெரும்பாலும் நாம எல்லாரும் இப்படித்தான் சொல்லுவோம், குழந்தைக்குப் புரியும்னு. கதை முடியவும் அவ கேட்டா, "காவல்காரர் தூங்க மாட்டாரா?" நான் யோசிக்காம, தூங்கவே மாட்டாரு கண்ணு, ராத்திரி பூரா முழிச்சிருப்பாருன்னு சொல்லிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. ஆனா ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு முழிப்பு வந்து பாத்தா, நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டு கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கா. என்னடான்னா, "காவல்காரர் தூங்கிட்டா எழுப்பணும்ல"ங்கறா. எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. என் பிள்ளை தன் இதயத்துக்குத் தானே காவல் இருந்திருக்கா.

அதைச் சரி பண்ணப் போய் அடுத்த நாளே இன்னொரு தப்பு பண்ணேன். இதயம் எவ்வளவு பலசாலின்னு காட்டலாம்னு அவ கையை முஷ்டி பிடிக்கச் சொன்னேன், அவ இதயமும் ஏறக்குறைய அவ முஷ்டி அளவுதான்னு சொல்லி, இதயம் மாதிரி மூடி மூடித் திறன்னேன். அளவைக் காட்ட அது நல்ல வழிதான், ஆனா ஒரு நிமிஷம் விடாம செஞ்சதும் அவளுக்குக் கை வலிச்சிடுச்சு. உடனே முகம் வாடிப்போய், "அப்போ உள்ள அதுக்கும் வலிக்குமா?"ன்னா. அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் இதய மாடல் வேற வாங்கினேன், ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் சிவப்புன்னு பெயின்ட் அடிச்சது. அந்தக் காசும் வீண், வந்து சேரக் காத்திருந்த நாலு நாளும் வீண். அவ தன் மணிக்கட்டுல தெரியுற நீல நரம்பைப் பாத்துட்டு, எனக்குள்ள நீல ரத்தம் ஓடுது, அதான் சத்தம் வருதுன்னு முடிவே பண்ணிட்டா.

ஒன்பதாவது ராத்திரி அவளைத் தட்டித் தூங்க வச்சுட்டு, நான் உக்காந்து பழைய ஸ்கூல் புக்ல இருந்து ஆரம்பிச்சு ஒழுங்கா படிச்சேன். அப்பதான் தெரிஞ்சது, என் கதையோட அடிப்படையே தப்பு. இதயத்துல இருக்குற நாலு வால்வுலயும் காவல்காரரே கிடையாது. எந்த வால்வும் தானா திறக்குறதும் இல்ல, தானா மூடுறதும் இல்ல. அது வெறும் மெல்லிசான இதழ். ஒரு பக்கத்துல இருந்து ரத்தம் தள்ளினா திறக்கும், மறுபக்கத்துல இருந்து தள்ளினா மூடிக்கும், அவ்வளவுதான். தூங்குறதுக்கு அங்க யாருமே இல்ல! இது பிள்ளைக்குச் சொல்லவேண்டிய நல்ல செய்தி, நான் அதை விட்டுட்டு இல்லாத ஆளை உள்ள நிறுத்தி வச்சுப் பயமுறுத்தியிருக்கேன்.

இதை விளக்க வெளியில இருந்து எதுவும் வாங்க வேண்டாம், ரூம் கதவே போதும். எங்க பெட்ரூம் கதவு உள் பக்கமாத்தான் திறக்கும். அடுத்த நாள் சாயங்காலம் அவளை வெளியில நிக்க வச்சு தள்ளச் சொன்னேன், ஈஸியா திறந்துச்சு. உள்ள வந்து கதவை நிலையோட ஒட்டி வச்சு, இப்போ வெளிய போற மாதிரி தள்ளுன்னேன். தள்ளத் தள்ள அது நிலையில இன்னும் இறுக்கமா ஒட்டிக்கிச்சு. பூட்டு இல்ல, ஆள் இல்ல, ஆனாலும் ஒரு பக்கமாத்தான் போகமுடியும். அஞ்சாறு தடவை முன்னாடியும் பின்னாடியும் தள்ளிப் பாத்துட்டு, "நான்தான் ரத்தம், நானே திறந்து நானே மூடுறேன்"னா. அந்த இடத்துல அவ முகத்துல இருந்த பயம் பாதி போயிடுச்சு. செய்யப் போறவங்க ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, கதவு இடுக்குல விரல் மாட்டாம நீங்க பக்கத்துலயே நில்லுங்க, தாழ்ப்பாள் விழாம கதவு சும்மா ஒட்டி மட்டும் இருக்கணும்.

அன்னைக்கு ராத்திரி ஆரம்பிச்ச ரெண்டாவது கதையை, கடைசியா திருத்திச் சொன்ன மாதிரியே எழுதுறேன், எடுத்துக்கறவங்க எடுத்துக்கலாம். கதையில ரெண்டு ரத்தத் துளி, அக்கா சொட்டு, தங்கச்சி சொட்டு. ஏன் ரெண்டுன்னு பின்னாடி சொல்றேன்.

அக்கா சொட்டு உன் கால் கட்டைவிரல்ல இருக்கா. கொண்டுவந்த புதுக் காத்தை விரலுக்குக் கொடுத்துட்டு, பழைய காத்தை முதுகுல தூக்கிக்கிட்டு மேல மேல ஏறி வர்றா. இதயத்தோட வலது மேல் ரூமுக்குள்ள நுழையறா. அது காத்திருக்குற ரூம், சுவர் ரொம்ப மெல்லிசு. கீழ் ரூம் இப்போ தளர்ந்து காலியா இருக்கு, நடுவுல இருக்குற மூணு இதழ் கதவு திறந்தே கிடக்கு, அதனால முக்கால்வாசிப் பேர் தானாவே கீழ இறங்கிடுறாங்க. மிச்சம் இருக்கறவங்களை மேல் ரூம் லேசா ஒரு அமுக்கு அமுக்கி இறக்கி விடுது. இப்போ கீழ் ரூம் நிறைஞ்சு போச்சு. அப்போ அது இறுக்குது. எல்லாரும் நெருக்கியடிச்சுக்கிட்டு வந்த வழியாவே மேல ஓடப் பாக்குறாங்க, அவங்க மோதின வேகத்துலயே மூணு இதழ் கதவு மூடிக்குது. அந்த மூடுற சத்தம்தான் லப். இன்னும் ஒரே ஒரு வழிதான் இருக்கு, நுரையீரலுக்குப் போற கதவு. அதைத் தள்ளித் திறந்துக்கிட்டு அக்கா சொட்டு வெளிய பாயறா. கீழ் ரூம் தளர்ந்ததும் திரும்ப உள்ளயே விழப் பாக்குறா, ஆனா அந்தக் கதவுல சட்டைப்பை மாதிரி மூணு குட்டிப் பை இருக்கு, விழற ரத்தம் அந்தப் பைகளை ரொப்பினதும் மூணும் உப்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. அதுதான் டப்.

நுரையீரல்ல அக்கா சொட்டு பழைய காத்தை இறக்கி வச்சுட்டு புதுக் காத்தை வாங்கிக்கிறா. முன்னாடி அவ கருஞ்சிவப்பு, இப்போ பளிச்சுன்னு சிவப்பு. அங்க இருந்து இதயத்தோட இடது மேல் ரூமுக்கு வர்றா, ரெண்டு இதழ் கதவு வழியா இடது கீழ் ரூமுக்கு இறங்குறா. இந்த ரூம் சுவர் வலது கீழ் ரூமை விட ஏறக்குறைய மூணு மடங்கு தடிமன். ஏன்னா வலது பக்கத்து ரூம் பக்கத்துல இருக்குற நுரையீரலுக்கு அனுப்பினா போதும், இடது ரூம் தலை உச்சில இருந்து கால் விரல் வரைக்கும் அனுப்பணும். திரும்ப லப், திரும்ப ஒரு பைக் கதவு, மகாதமனிங்கற பெரிய ரோட்டுக்குள்ள பாயறா, பின்னாடியே டப். இந்தத் தடவை அவ காலுக்குப் போகல, மேல ஏறி உன் கண் இமைக்குப் போறா, இமை மூடப் போகுது, அதுக்கும் கொஞ்சம் புதுக் காத்து வேணும்ல. இப்படி ஒரு முழு சுத்து வர்றதுக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான்.

ரெண்டு சொட்டு எதுக்குன்னா, இந்தக் கதையை முதல் தடவை ஒரே துளியை வச்சுச் சொன்னப்போ அவ வலது பக்கம் முதல்ல அடிக்கும், அப்புறம் நுரையீரல், அதுக்கப்புறம்தான் இடது பக்கம் அடிக்கும்னு புரிஞ்சுக்கிட்டா. ஒரு துளியோட பயணம் அந்த வரிசையிலதான், ஆனா இதயம் அடிக்கிறது அப்படி இல்ல. மேல் ரூம் ரெண்டும் ஒண்ணா அமுக்கும், அடுத்து கீழ் ரூம் ரெண்டும் ஒண்ணா இறுக்கும். அக்கா வலது பக்கத்துல லப்புக்கு வெளிய பாயற அதே நேரத்துல தங்கச்சி இடது பக்கத்துல அதே லப்புக்கு வெளிய பாயறா. நடுவுல முழுச் சுவர் இருக்கு, பேசிக்கலாம், தாண்ட முடியாது, அக்கா இடது பக்கம் போகணும்னா நுரையீரலைச் சுத்தித்தான் போயாகணும். இந்தச் சுவர் விஷயத்தை அழுத்திச் சொல்லுங்க. நாலு ரூம்னு சொன்னாலே பிள்ளைங்க ஒண்ணுல இருந்து அடுத்ததுக்குக் கதவு இருக்கும்னுதான் நினைப்பாங்க. ஒரே வீட்ல நாலு ரூம்னு சொல்றதை விட, ஒரு சுவரைப் பகிர்ந்துக்குற ரெண்டு மாடி வீடுன்னு சொன்னது எங்களுக்கு நல்லா எடுபட்டுச்சு.

அவளே கேட்ட இன்னொரு கேள்வி, அவ்வளவு வேகமா மோதினா கதவு பிச்சுக்காதா, மறுபக்கம் திரும்பிடாதான்னு. நல்ல கேள்வி. மேல் ரூமுக்கும் கீழ் ரூமுக்கும் நடுவுல இருக்குற ரெண்டு கதவோட இதழ்கள்ல இருந்தும் மெல்லிசான, உறுதியான நூல் மாதிரி நார்கள் இறங்கி கீழ் ரூம் சுவர்ல இருக்குற குட்டித் தசைகள்ல கட்டியிருக்கும். காத்துல குடை மறுபக்கமா மடங்குறதை அவ பாத்திருக்கா, கம்பி வலுவா இருந்தா மடங்காதுன்னும் தெரியும், அதை வச்சே சொன்னேன். இதுல பெரியவங்களே தப்பா சொல்ற ஒரு இடம் இருக்கு, அந்த நூல் கதவை இழுத்துத் திறக்கும்னு சொல்லிடாதீங்க. திறக்குறது ரத்தம்தான், நூலோட வேலை மேல் பக்கமா மடங்கிடாம பிடிச்சுக்கறது மட்டும்.

வலிக்குமா, களைச்சுப் போகுமாங்கற கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் தேடினேன். கிடைச்ச பதில் எனக்கே ஆறுதலா இருந்துச்சு. பெரியவங்க இதயம் நிமிஷத்துக்கு 75 தடவை துடிக்குதுன்னு வச்சுக்கங்க, ஒரு துடிப்புக்கு 0.8 செகண்ட். அதுல கீழ் ரூம் இறுக்கி இருக்குறது ஏறக்குறைய 0.3 செகண்ட்தான், மிச்சம் 0.5 செகண்ட் தளர்ந்து ஓய்வா இருக்கும், அப்போதான் ரத்தமும் வந்து நிறையும். அதாவது இதயம் வேலை செய்யற நேரத்தை விட ஓய்வு எடுக்குற நேரம் அதிகம், ஆனா ஒரேயடியா தூங்காம குட்டிக் குட்டியா எடுத்துக்குது. அவகிட்ட நான் நம்பரெல்லாம் சொல்லல, லப்-டப்னு சொல்லிட்டு ஒரு சின்ன இடைவெளி விட்டு, "பாத்தியா, இப்போ ஓய்வு"ன்னேன். லப்-டப், ஓய்வு. லப்-டப், ஓய்வு. என் நெஞ்சுல காதை வச்சுக்கிட்டு அதையே அவளும் முணுமுணுத்தா. யாரு இறுக்கச் சொல்றாங்கன்னும் கேட்டா. வலது மேல் ரூம் சுவர்ல ஒரு குட்டி இடம் இருக்கு, அதுவே தானா பொறி விட்டுக்கிட்டே இருக்கும், நீ நினைக்கவும் வேண்டாம், முழிச்சிருக்கவும் வேண்டாம், நீ தூங்கினா அது கொஞ்சம் மெதுவா விடும், ஓடினா வேகமா விடும், அவ்வளவுதான்னேன். பத்து நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் நெஞ்சுல கை வைக்காம தூங்கினா. நான் ரொம்ப நேரம் அவளையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கதை சொல்லும்போது வலது இடதைக் கவனிங்க. புத்தகப் படத்துல இதயத்தோட வலது பக்கம் நம்ம இடது கைப் பக்கம் இருக்கும், ஏன்னா அது எதிர்ல நிக்கறவங்களோட இதயம். படத்தைக் காட்டி வலதுன்னா பிள்ளை குழம்பிடும். அவ நெஞ்சு மேலயே விரலை வச்சு, "உன் வலது கை பக்கம்"னு சொன்னா வேலை முடிஞ்சது. ஒரே ராத்திரில முழுசா சொல்லணும்னும் இல்ல, எங்களுக்கு முதல் நாள் நுரையீரல் வரைக்கும்தான் போச்சு.

நீலம் சிவப்பு விஷயம் எக்கோ அன்னைக்கு மறுபடியும் வந்துச்சு, அதை நான் எதிர்பாக்கவே இல்ல. நெஞ்சுல ஜில்லுனு ஜெல் தடவினப்போ கொஞ்சம் நெளிஞ்சா, அப்புறம் ஸ்கிரீன்ல கறுப்பு வெள்ளையில கதவுங்க படபடன்னு அடிச்சுக்கிறதைப் பாத்ததும், "அம்மா, மூணு இதழ்! ஆளே இல்ல பாரு!"ன்னு சத்தமாவே சொன்னா. நாலு ரூம் தெரியுற மாதிரி காட்டினப்போ படம் தலைகீழா, கீழ் ரூமுங்க மேல இருந்துச்சு, டெக்னீஷியன் அதை அவளுக்கு எடுத்துச் சொன்னாங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு, திடீர்னு கலர் போட்டாங்க, ரூம் பூரா சிவப்பும் நீலமுமா பாயுது. அவ என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா, உண்மையைச் சொன்னா நானும் நடுங்கிட்டேன், இடது பக்கத்துல ஏன் நீலம், சுவர்ல ஏதோ வழி இருக்கோன்னு. டெக்னீஷியன் எங்க முகத்தைப் பாத்துட்டுச் சிரிச்சாங்க. "இது ரத்தத்தோட கலர் இல்லம்மா, நான் பிடிச்சிருக்குற இந்தக் கருவியைப் பாத்து வர்ற ரத்தத்தை மெஷின் சிவப்பா காட்டும், விலகிப் போறதை நீலமா காட்டும்"னாங்க. அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வரி தெரியாம போனா அந்த ரூம்ல உக்காந்திருக்குறது ரொம்பக் கொடுமை. குழந்தையை எக்கோவுக்குக் கூட்டிட்டுப் போறவங்க இதை வீட்லயே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. கதையிலயும் நீல ரத்தம்னு சொல்லாதீங்க, நம்ம உடம்புல நீல ரத்தமே கிடையாது, கருஞ்சிவப்பு, பளிச்சிவப்பு ரெண்டுதான், தோல் வழியா பாக்குறப்போதான் நரம்பு நீலமா தெரியுது.

ரிப்போர்ட் நார்மல். நாலு ரூம், நாலு கதவு, நடுச்சுவர் எல்லாம் சரியா இருக்கு, இது இன்னசென்ட் மர்மர், அதாவது கோளாறு இல்லாத இதயத்துல ரத்தம் பாயற சத்தமே லப்புக்கும் டப்புக்கும் நடுவுல கேக்குறதுன்னார் டாக்டர். படுத்தா கொஞ்சம் கூடுதலா கேக்குமாம், அதுக்குத்தான் அன்னைக்கு படுக்க வச்சும் உக்கார வச்சும் கேட்டிருக்கார். வண்டியில வீட்டுக்கு வர்றப்போ முழுக்க அழுதுட்டே வந்தேன், 16 நாள் அழுகை. ஆனா எல்லா மர்மரும் இப்படி இருக்காது. உதடு நீலமாகுறது, ஓடுறப்போ மயங்கி விழறது, மூச்சு வாங்குறது, எடை ஏறாம இருக்குறது இதெல்லாம் கூட இருந்தா நாள் கிடைக்கட்டும்னு காத்திருக்காம உடனே காட்டணும்னும் அவரே சொன்னார். பிள்ளைக்கு உண்மையிலேயே சுவர்லயோ கதவுலயோ குறை இருந்தா இந்தக் கதையை அப்படியே சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட ஒரு பேப்பரைக் கொடுத்து உங்க பிள்ளையோட இதயத்தையே வரைஞ்சு காட்டச் சொல்லுங்க, அந்தப் படத்துல இருந்து உங்க கதையை ஆரம்பிங்க.

அன்னைக்கு ராத்திரி அவளே என்கிட்ட கதை சொன்னா, அக்கா சொட்டு தங்கச்சி சொட்டு எல்லாரையும் சுத்தி வர வச்சுட்டு கடைசியில ஒரு கேள்வி கேட்டா. "எல்லாருக்கும் புதுக் காத்து அனுப்புதே, இதயத்துக்கு யாரும்மா கொடுப்பாங்க?" உள்ள அவ்வளவு ரத்தம் இருக்கு, அதையே எடுத்துக்கும்னு சொல்ல வாய் வந்துச்சு, நல்ல வேளை சொல்லல, அது தப்பு. இடது பக்கப் பைக் கதவைத் தாண்டி மகாதமனில கால் வச்ச உடனே ரெண்டு சின்ன வழி பிரியும், இதயத்தோட சொந்த ரத்தக்குழாய், முதல் பங்கு அதுக்குத்தான். கீழ் ரூம் இறுக்கும்போது சுவர்ல இருக்குற அந்தக் குட்டிக் குழாய்களும் நசுங்கிடும், அதனால இடது கீழ் ரூமோட சுவருக்கு ரத்தம் அதிகமா போறது இதயம் தளர்ந்து ஓய்வுல இருக்குறப்போதான். அதைச் சொன்னதும் அவ, "அப்போ லப்-டப் முடிஞ்சு ஓய்வு வருதே, அப்போதான் அது சாப்பிடுதா?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம என் நெஞ்சுல காதை வச்சு எண்ண ஆரம்பிச்சுட்டா.